இசைவு வேண்டி ஒரு மடல்

வேண்டுகோள் மடல்கள் இருவகைப்படும். கேட்பவருக்கு உரியதைக் கேட்கும் மடல் ஒன்று. தருபவரின் விருப்பத்தைச் சார்ந்ததைக் கேட்கும் மடல் மற்றொன்று. தெருவிளக்கு எரியவில்லை என மாநகராட்சிக்கு எழுதுவது முதல்வகை. வாடகை வீட்டில் நாய் வளர்க்க வீட்டு உரிமையாளரிடம் இசைவு கேட்பது இரண்டாம்வகை. இரண்டாம்வகை மடலில் கேட்பவரின் விருப்பத்தை விடத் தருபவரின் அச்சமே முதன்மையான செய்தியாகும். அவ்வச்சத்தை அறிந்து விடைகூறும் மடலே பயன் தரும்.

ஒரு குடும்பத்தின் தேவை

சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் கணவனும் மனைவியும் பள்ளி செல்லும் மகளும் வாடகைக்குக் குடியிருப்பதாகக் கொள்ளலாம். மாத வாடகை 18,000 ரூபாய்; முன்பணம் 54,000 ரூபாய். மனைவியின் தாயார் கும்பகோணத்தில் வாழ்கிறார். கணவரை இழந்தபின் அவருக்குத் துணையாக இருப்பது நான்கு வயதுடைய, ஆறு கிலோ எடையுள்ள ‘மணி’ என்னும் நாய். மகள் வீட்டிற்கு வந்துவிட அவர் ஒப்புகிறார். மணியை விட்டுவர மட்டும் ஒப்பவில்லை. வாடகை ஒப்பந்தமோ, ‘உரிமையாளரின் எழுத்துமூலமான இசைவின்றி வளர்ப்பு விலங்குகளை வைத்திருத்தல் கூடாது’ என்கிறது. எனவே, அம்மூதாட்டி வருவதும் வராததும் ஒரு மடலைச் சார்ந்து நிற்கிறது.

இந்நிலையில் சிலர் நாயை முதலில் அழைத்து வந்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என எண்ணுவர். ஒப்பந்தத்தை மீறியபின் எழுதப்படும் மடல் இசைவு கேட்கும் மடலாகாது. மன்னிப்புக் கேட்கும் மடலாகிவிடும். ஆதலின், மடல் முதலில் செல்ல வேண்டும். நாய் பின்னர் வர வேண்டும்.

முதல் வரைவும் அதன் குறையும்

அக்குடும்பத்தினர் எழுதிய முதல் வரைவு இது:

“எங்கள் மணி மிகவும் சாதுவான நாய். சிறிய நாய்தான், குரைக்கவே குரைக்காது. வீட்டில் ஒரு குழந்தையைப் போல வளர்ந்தது. குடியிருப்போர் நலச் சங்கம் வளர்ப்பு விலங்குகளைத் தடைசெய்ய முடியாது என்று விதி இருக்கிறது. ஆகவே தாங்கள் அனுமதி தர வேண்டும்.”

இவ்வரைவில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, ‘சிறிய நாய்’ என்பதை மட்டுமே நம்பி நிற்பது. சிறுமை என்பது உடலின் அளவைக் குறிக்குமே தவிர, குரலின் அளவைக் குறிக்காது. அழைப்பு மணி ஒலித்தாலும் படிக்கட்டில் காலடி கேட்டாலும் விடாது குரைக்கும் சிறுநாய்கள் பல. இதனை உரிமையாளரும் அறிவார்.

இரண்டாவது, காக்க இயலாத உறுதிமொழி. குரைக்காத நாய் அரிது. ‘குரைக்கவே குரைக்காது’ என்னும் தொடர், மணி முதன்முறை குரைத்த அன்றே பொய்யாகிவிடும். அதன்பின் மடலின் ஏனைய சொற்களும் மதிப்பிழக்கும்.

மூன்றாவது, பொருந்தாத விதியைக் காட்டுவது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகள், குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானத்தாலும் வளர்ப்பு விலங்குகளைத் தடைசெய்ய இயலாது எனக் கூறுவது உண்மையே. ஆயினும், சங்கத்தின் தீர்மானம் வேறு. வாடகையாளர் தாமே கையொப்பமிட்ட ஒப்பந்தம் வேறு. சங்கத்திற்குக் கூற வேண்டிய விடையை உரிமையாளரிடம் கூறினால், அது வேண்டுகோளாக ஒலிக்காது; வழக்காக ஒலிக்கும்.

திருத்திய மடல்

உரிமையாளரின் நிலையில் நின்று பார்த்தால் அவருடைய அச்சங்கள் எளிதில் விளங்கும். கதவும் சன்னற்சட்டமும் கீறப்படுமோ? அண்டை வீட்டார் முறையிடுவரோ? எவரையேனும் கடித்துவிடுமோ? ஒருமுறை இசைந்துவிட்டால் திரும்பப் பெற இயலாதோ? திருத்திய மடல் இவற்றிற்கு வரிசையாக விடை கூறுகிறது.

“பொருள்: வாடகை இல்லத்தில் வளர்ப்பு நாய் ஒன்றை வைத்துக்கொள்ள இசைவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் மாமியார் அடுத்த மாதம் முதல் எங்களுடன் தங்க இருக்கிறார். அவர் நான்கு ஆண்டுகளாக வளர்த்துவரும் ஆறு கிலோ எடையுள்ள நாயை உடன் அழைத்துவரத் தங்கள் இசைவை வேண்டுகிறேன். தங்கள் மறுமொழி கிடைக்கும்வரை நாயை அழைத்து வரமாட்டோம்.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசிச் சான்றின் படியை இணைத்துள்ளேன். நாய் வந்த ஒரு மாதத்திற்குள் மாநகராட்சி உரிமம் பெற்று அதன் படியையும் அனுப்புவேன். மின்தூக்கியிலும் படிக்கட்டிலும் கழுத்துவாருடன் மட்டுமே அழைத்துச் செல்வோம். கழிவை நாங்களே அகற்றுவோம்.

நாய் குரைக்கக்கூடும். ஆயினும், பகலில் மாமியார் வீட்டிலேயே இருப்பதால் அது தனித்து விடப்படாது. அண்டை வீட்டாரிடமிருந்து முறையீடு வந்தால் தாங்கள் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன், அன்றே கவனிப்பேன்.

கதவுகள், சன்னல்கள், தரை ஆகியவற்றின் இன்றைய நிலையைக் காட்டும் ஒளிப்படங்களை இணைத்துள்ளேன். நாயினால் சேதம் நேர்ந்தால் என் செலவில் சீர்செய்வேன். தவறினால் அத்தொகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

முதற்கண் மூன்று மாதங்களுக்கு மட்டும் இசைவளித்தால் போதும். அதன்பின் தங்களுக்கு உடன்பாடில்லை எனில், வேறு வீடு தேடிச் செல்ல இரண்டு மாதக் காலம் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள”

இம்மடலில் மணியின் குணநலன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உரிமையாளர் சரிபார்க்கத்தக்க செய்திகளே உள்ளன. சான்றை அவர் படித்துப் பார்க்கலாம். ஒளிப்படத்தைக் கதவோடு ஒப்பிடலாம். அப்படங்கள் வாடகையாளரையும் காக்கும். முன்பே இருந்த கீறலுக்கு நாய் பொறுப்பாகாது என்பதற்கு அவையே சான்று.

மூன்று மாத வரம்பு இருமுனைக் கத்தி போன்றது. உரிமையாளர் எளிதில் இசைய அது வழி செய்கிறது. அதேவேளை, குடும்பம் வீடு மாறும் நிலையையும் உண்டாக்கலாம். இரண்டு மாதக் காலம் கேட்டிருப்பது அதனால்தான். காலத்தைக் குறிப்பிடாமல் வரம்பை மட்டும் எழுதியிருந்தால், நாயா வீடா என ஒரே நாளில் முடிவெடுக்கும் நெருக்கடி நேரக்கூடும்.

மறுமொழி

உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, “சரி, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால், பால்கனியில் மட்டும் கட்டிவைக்காதீர்கள்” என்கிறார். பால்கனியில் நிற்கும் நாய் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கண்டு குரைக்கும் என்பதை அவர் அறிந்திருக்கிறார். இது நியாயமான கட்டுப்பாடே. ஆயினும், ஒப்பந்தம் கேட்பது எழுத்துமூலமான இசைவு. வாய்மொழி இசைவு, பேசிய இருவருக்கும் நினைவிருக்கும் வரைதான் நிற்கும். வீடு கைமாறினால் புதியவருக்குக் காட்ட எதுவும் இராது.

எனவே வாடகையாளர் அன்று மாலையே, “தொலைபேசியில் தாங்கள் இசைவளித்தமைக்கு நன்றி. பால்கனியில் நாயைக் கட்டிவைக்க மாட்டோம். இதனை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார். “உறுதி செய்கிறேன்” என்னும் விடை வருகிறது. அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் இவ்விசைவும் பால்கனிக் கட்டுப்பாடும் அதில் இரு வரிகளாகச் சேர்க்கப்பட வேண்டும். கும்பகோணத்திலிருந்து வரும் மூதாட்டி மணியைப் பிறர் கண்ணுக்கு மறைத்து வளர்க்க வேண்டியதில்லை. அண்டை வீட்டார் கேட்டால், இசைவு பெற்றே வளர்க்கிறோம் என்று அவரால் சொல்ல முடியும்.