‘லாஸ்ட் ரேட் எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள்! பழைய பைக் வாங்க அனுப்பும் முதல் மெசேஜ்

திருச்சி மாவட்டம், வையம்பட்டி பக்கம் இரண்டு ஏக்கர் நிலமும் மூன்று கறவை மாடுகளும் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. தினமும் காலை ஆறரை மணிக்குள் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். 17 வருடம் ஓடிய அவருடைய பைக், மழைக்காலத்தில் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் நான்கு நாள் பால் திரும்பி வீட்டுக்கே வந்தது. பழைய வண்டி ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவுசெய்தார்.

ஊர்க்காரர்கள் வாங்க, விற்க வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வண்டி வந்தது. போட்டோவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ‘வண்டி இருக்கா? லாஸ்ட் ரேட் எவ்வளவு?’ என்று குழுவிலேயே போட்டார். பதில் இல்லை. மறுநாள், ‘38-க்குக் கொடுப்பீங்களா?’ என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்த வண்டி பக்கத்து ஊருக்கு விலையாகிப் போனது. வாங்கியவர் கொடுத்த விலை, இவர் மனதில் வைத்திருந்த விலையைவிட 500 ரூபாய்தான் அதிகம்.

“பணம் கையில இருந்துச்சு. கேட்ட விதந்தான் தப்பாப்போச்சு” என்கிறார் அவர்.

துண்டுக்குள் பேசும் விலை

தப்பு எங்கே என்று சொன்னவர், மணப்பாறை மாட்டுச் சந்தையில் பல வருடம் தரகு பார்த்த உறவினர். “மாப்ள, சந்தையில மாட்டுக்கு எப்படி விலை பேசுவோம்? கையில துண்டைப் போட்டு, அதுக்குள்ள விரலைப் புடிச்சுத்தானே பேசுவோம். ஏன்? குறைச்சுக் கேட்டது நாலு பேருக்குத் தெரிஞ்சா விக்கிறவனுக்குக் கௌரவக் குறைச்சல். அடுத்து வர்றவனும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான். நீ ஊரே பார்க்கிற குழுவுல 38-னு போட்டா அவர் எப்படிப் பதில் சொல்வாரு? அதுவும் பல்லைப் புடிச்சுப் பார்க்காம, நடக்க விட்டுப் பார்க்காம யாராவது மாட்டுக்கு விலை சொல்வாங்களா?” என்று கேட்டார்.

விற்பவர் பக்கமிருந்து பார்த்தால் விஷயம் புரியும். விளம்பரம் போட்ட அன்றைக்கே பத்துப் பேர் ‘லாஸ்ட் ரேட்?’ என்று கேட்பார்கள். அவர்களில் யார் உண்மையில் வாங்குவார், யார் பொழுதுபோகாமல் கேட்கிறார், யார் வாங்கி விற்கும் புரோக்கர் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒன்று பதில் சொல்ல மாட்டார். இல்லையென்றால் போட்ட விலையையே திருப்பிச் சொல்வார். இன்னார், இன்ன தேவைக்குக் கேட்கிறார், பணத்தோடு வருவார் என்று தெரிந்தால்தான் விலையில் இறங்கிவர அவருக்கு மனம் வரும்.

மெசேஜ் அனுப்பும் முன் செய்ய வேண்டியது

அடுத்த வாரம் இன்னொரு வண்டி வந்தது. 2019 மாடல் ஸ்ப்ளெண்டர், 38,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 48,000 ரூபாய். இந்த முறை அவர் உடனே எதையும் அனுப்பவில்லை. முதலில் மூன்று வேலைகள் செய்தார்.

போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பின் டயரின் நடுப்பகுதியில் பட்டன் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அடுத்து, நம்பர் பிளேட்டில் இருந்த எண்ணை mParivahan செயலியில் போட்டுப் பார்த்தார். இன்சூரன்ஸ் 2024-லேயே முடிந்துபோயிருந்தது. 2019, 2020 வண்டிகளில் இது அடிக்கடி கண்ணில் படும் விஷயம். 2018 செப்டம்பரில் இருந்து புது இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாக எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த ஐந்து வருடம் முடிந்ததைக் கவனிக்காமல் பலர் அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக, வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் கணக்குக் கேட்டார். பின் டயர் 1,900 ரூபாய், ஒரு வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வரியோடு 850 ரூபாய், ஆக 2,750 ரூபாய் என்றார் அவர். அதே வருட மாடல் வண்டிகள் இரண்டு, அந்தப் பகுதியில் 45,000 ரூபாயை ஒட்டிக் கைமாறிய விவரமும் அவரிடமே கிடைத்தது. இதையெல்லாம் வைத்து 45,500-க்கு மேல் போவதில்லை, 43,500-ல் பேச்சைத் தொடங்குவது என்று விவசாயி முடிவுசெய்தார்.

அவர் அனுப்பிய மெசேஜ்

குழுவில் போடாமல், விற்பவரின் எண்ணுக்குத் தனியாக அனுப்பினார். அது இதுதான்:

‘வணக்கம் அய்யா. குழுவில் நீங்கள் போட்டிருந்த 2019 மாடல் கறுப்பு ஸ்ப்ளெண்டர் பார்த்தேன். நான் வையம்பட்டி பக்கம் விவசாயி. தினமும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக வண்டி வேண்டும். சொந்த உபயோகத்துக்குத்தான், வாங்கி விற்க இல்லை.

மூன்று விவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருக்கிறதா? கடனில் எடுத்த வண்டி என்றால், கடன் முடிந்த என்.ஓ.சி. கையில் இருக்கிறதா? செயின் செட் எப்போது மாற்றினீர்கள்?

வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள். பின் டயர் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸும் புதுப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்கு 2,750 ரூபாய் ஆகும். நேரில் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால் 43,500 தர முடியும். அன்றைக்கே முழுப் பணம் கொடுத்துவிடுவேன். அந்த வாரமே என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன், அந்தச் செலவும் என்னுடையது.

உங்களுக்குச் சரி என்றால் ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் வருகிறேன். விலை ஒத்துவராவிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அய்யா. நன்றி.’

இதில் எந்த வரி விலையைக் குறைத்தது?

டயரும் இன்சூரன்ஸும் விலை குறைப்புக்கு ஒரு காரணம் கொடுத்தன. போட்டோவிலும் செயலியிலும் கண்ணால் பார்த்ததை மட்டுமே அவர் எழுதினார். செயின் தேய்ந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தும், பார்க்காத ஒன்றைக் குறையாகச் சொல்லவில்லை, கேள்வியாகத்தான் கேட்டார். ‘இன்ஜின் வேலை இருக்கும்போல’ என்று குருட்டாம்போக்கில் எழுதியிருந்தால், வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவருக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

ஆனால், விற்பவரின் மனதைத் தொட்டது வேறொரு வரி. ‘அந்த வாரமே என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன்’ என்பதுதான் அது. வண்டியை விற்றுப் பணம் வாங்கினாலும், ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை சட்டத்தின் கண்ணில் பழைய ஆள்தான் உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் அந்தச் சுமை நேராக அவர் தலையில்தான் விழும்.

விற்பவருக்கு இந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது. முன்பு ஒரு வண்டியை விற்று, வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டியதால், போக்குவரத்து அபராதம் இவர் போனுக்கு வந்துகொண்டிருந்ததாம். அதனால், 1,000 ரூபாய் கூடக் கொடுப்பவரைவிட உடனே பெயர் மாற்றுபவரே அவருக்கு மேலாகப் பட்டார்.

46,500-ல் இருந்து 45,000

அன்று மாலையே பதில் வந்தது. ஆர்.சி. அவர் பெயரில்தான் இருந்தது. என்.ஓ.சி.யும் கையில் இருந்தது. செயின் செட் மாற்றியதாக ஞாபகம் இல்லை என்று உள்ளதைச் சொன்னார். ‘46,500-க்குக் கீழே வராது’ என்றும் எழுதியிருந்தார். விவசாயி அதற்கு மேல் போனில் பேரம் பேசவில்லை. ‘வந்து பார்க்கிறேன் அய்யா. நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருங்கள்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இன்ஜின் ஆறியிருந்தால்தான் ஸ்டார்ட் செய்வதில் உள்ள சிரமமும், ஆயில் எரியும் நீலப் புகையும் மறைக்க முடியாமல் தெரியும்.

ஞாயிறன்று மெக்கானிக்கோடு போனார். இன்ஜின் சுத்தமாக இருந்தது. பின் சக்கரப் பல்சக்கரத்தின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுத்தபோது, பல்லைவிட்டு எழும்பியது. பற்களும் ஒரு பக்கமாகக் கொக்கிபோல வளைந்திருந்தன. செயின் செட் போய்விட்டது என்பதற்கு இதுதான் அடையாளம். மாற்ற 1,400 ரூபாய். விற்பவரே குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார். 46,500-ல் 1,400-ஐக் கழித்தால் 45,100. நூறு ரூபாயை விட்டுக்கொடுத்து 45,000-க்கு முடித்தார்கள். அங்கேயே படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து ஆனது. கடன் நீக்கத்துக்கான படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் கைக்கு வந்தன. வீட்டுக்கு ஓட்டிவரும் முன்பே, போனிலேயே இன்சூரன்ஸ் போட்டுக்கொண்டார்.

எங்கே இது பலிக்காது?

பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைகளில் ‘உடனே பெயர் மாற்றுகிறேன்’ என்ற வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருக்காது. ஆர்.சி. மூன்றாவது ஆள் பெயரில் இருக்கும். அங்கே முதல் மெசேஜில், ‘ஆர்.சி.யில் உள்ளவரின் கையெழுத்து வாங்கித் தருவீர்களா?’ என்றுதான் கேட்க வேண்டும். 15 வருடத்தை நெருங்கும் வண்டி என்றால், பதிவு எந்தத் தேதிவரை இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். புதுப்பிக்கும் செலவு வாங்குபவர் தலையில் விழும்.

ஆர்.சி. பற்றிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல், ‘மூணு பேர் கேட்கிறாங்க, முதல்ல அட்வான்ஸ் போடுங்க’ என்று யாராவது அவசரப்படுத்தினால் அத்தோடு விட்டுவிடுங்கள். வண்டியையும் ஆளையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

வாங்கியவர், 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். வையம்பட்டி விவசாயி நான்காவது நாளே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்து விற்பவருக்கு அனுப்பினார். “நன்றி தம்பி. எங்க சித்தப்பாகூட ஒரு டிராக்டர் டிரெய்லரை விக்கணும்னு சொல்லிட்டு இருக்காரு. வேணும்னா உனக்கு முதல்ல சொல்றேன்” என்று பதில் வந்தது.