பக்கத்து அறையில் ஃப்ளஷ்... ஷவரில் சுரீர்! ஏன் தெரியுமா?

அமெரிக்காவில் பழைய வீடு ஒன்றில் ஷவரில் சுகமாகக் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரோ டாய்லெட்டில் ஃப்ளஷ் செய்கிறார்கள். அடுத்த நொடியே முதுகில் சுரீர்! இதில் வெந்நீரின் மேல் தவறே இல்லை, தெரியுமா? குற்றவாளி பச்சைத் தண்ணீர்!

ஃப்ளஷ் டேங்க் காலியானதும் மறுபடி நிரம்ப வேண்டும். அது குடிப்பது பச்சைத் தண்ணீரை மட்டும்தான். ஷவருக்கும் அதே குழாயிலிருந்துதான் வருகிறது என்றால் ஷவரின் பங்கு குறைகிறது. வெந்நீரோ குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வெந்நீர் 60 டிகிரி செல்சியஸ், குளிர்காலக் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி. நிமிடத்துக்கு வெந்நீர் நாலரை லிட்டரும் தண்ணீர் மூன்றரை லிட்டரும் கலந்தால் கிடைப்பது 38 டிகிரி. உடம்புக்கு இதமான சூடு. ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் பாதியானால்? கலவை ஒரே தாவலில் 46 டிகிரி! தண்ணீர் அடியோடு நின்றுபோனால் தலையில் விழுவது முழு 60 டிகிரி. அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும்.

இதைத் தடுக்கும் பிரஷர் பேலன்ஸ் வால்வுக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது என்பது தெரியுமா? ஆம், அது பார்ப்பது அழுத்தத்தை மட்டும்! உள்ளே தடையில்லாமல் வழுக்கி ஓடும் சின்ன உருளை ஒன்று. ஒரு பக்கம் வெந்நீரின் அழுத்தம், மறுபக்கம் தண்ணீரின் அழுத்தம். தண்ணீர்ப் பக்கம் தளர்ந்தால் உருளை அந்தப் பக்கம் நகர்ந்து, வெந்நீர் வரும் வாயைச் சுருக்கிவிடும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, கண்ணிமைப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது!

நம் கணக்கில் தண்ணீர் பாதியானால் வெந்நீரும் பாதியாகும். சூடு அதே 38. ஆனால் எட்டு லிட்டர் வந்த இடத்தில் நாலு லிட்டர்தான் வரும். ஃப்ளஷ் செய்ததும் ஷவர் சூடு மாறாமல் சட்டென்று மெலிந்தால், சுவருக்குள் இருப்பது இந்த வால்வு என்று ஊகிக்கலாம். டேங்க் நிரம்பியதும் பழைய வேகம் திரும்பிவிடும். ஆனால் ஹீட்டரில் வெந்நீர் தீர்ந்து குளிர்ந்துபோனால்? அழுத்தம் மாறவில்லையே! நீங்கள் நடுங்குவீர்கள், வால்வு தன்பாட்டுக்குச் சும்மா இருக்கும்.

இன்னொரு வகையான தெர்மோஸ்டாட் வால்வின் உயிரோ மெழுகில்! மூடிய சிறு உலோகச் சிமிழுக்குள் மெழுகு, அதைச் சுற்றிக் கலந்த நீர் ஓடுகிறது. நீர் சூடேறினால் மெழுகு விரிந்து ஓர் ஊசியைத் தள்ளும். ஊசி தள்ளியதும் வெந்நீர் வாய் சுருங்கி, தண்ணீர் வாய் அகலும். ஆறினால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் திருப்பித் தள்ளிவிடும். ஹீட்டர் ஆறினாலும், குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் இன்னும் சில்லிட்டாலும், முடிந்தவரை தானே சரிசெய்துகொள்ளும். ஃப்ளஷ் செய்யும்போது தண்ணீர்ப் பக்கத்தை அகலத் திறப்பதால் ஷவரும் அவ்வளவாக மெலியாது.

ஒரு குறை உண்டு. மெழுகுக்குச் சூடு ஏற வேண்டும், அது விரிய வேண்டும். எனவே ஓரிரு நொடி தாமதம். ஃப்ளஷை மட்டும் வைத்துப் பார்த்தால் அழுத்த வால்வுதான் முந்திக்கொள்கிறது. விலையிலும் அதுவே மலிவு. மற்ற எல்லாவற்றிலும் என் ஓட்டு மெழுகுக்கே! இரண்டு வித்தையையும் ஒரே உடம்பில் வைத்த வால்வும் கிடைக்கிறது. அமெரிக்கக் கட்டட விதிகளின்படி புது ஷவர்களில் இந்த மூன்றில் ஒன்று இருந்தாக வேண்டும்.

எது எந்த வால்வு என்று கைப்பிடியே சொல்லிவிடும், தெரியுமா? 38 என்று எண் எழுதி, அதைத் தாண்ட ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னால் தெர்மோஸ்டாட். ஒரே கைப்பிடியைச் சுற்றும்போது முதலில் தண்ணீரும் பிறகு வெந்நீரும் வந்தால் அது பெரும்பாலும் அழுத்த வால்வு.

இரண்டுக்கும் பொது எதிரி உப்புத் தண்ணீர். சுண்ணாம்பு படிந்தால் உருளை சிக்கிக்கொள்ளும். பிளம்பர் கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார்: உருளை தனியே ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது சிக்கிவிட்டது. மெழுகுச் சிமிழில் சுண்ணாம்பு ஏறினால் அசைவு மந்தமாகும், ஃப்ளஷ் செய்ததும் சுரீர் நீளும்.

கடைசியாக ஒன்று. தண்ணீரை மிச்சம் பிடிக்கப் புது ஷவர் தலை மாட்டப் போகிறீர்களா? ஒவ்வொரு வால்வும் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தபட்ச நீரோட்டம் ஒன்று உண்டு. தலை அதைவிடக் குறைவாக விட்டால், வால்வு நல்ல நிலையில் இருந்தாலும் ஃப்ளஷ் உங்களைச் சுட்டுவிடலாம். வாங்குவதற்கு முன் வால்வின் கையேட்டில் அந்த அளவைப் பாருங்கள்.