எத்தனை வண்டி வேண்டும்?

கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு கூரியர் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். தினமும் 1,200 பார்சல் வருகிறது. ஒரு லோடு ஆட்டோவில் நூறு பார்சல் ஏறும், ஆகவே 12 வண்டி போதும் என்றுதான் முதலில் தோன்றும். அதை நம்பி இறங்கினால், தினமும் கால்வாசிக்கு மேல் மிஞ்சிப்போகும். வண்டியில் இடம் தீரும் முன்பே ஓட்டுநரின் நேரம் தீர்ந்துவிடுகிறது.

முதலில் எண்ண வேண்டியது வாசல்களை. ஒரே வீட்டுக்கோ கடைக்கோ இரண்டு மூன்று பார்சல் வருவதால், 1,200 பார்சலுக்கு 1,000 வாசல் என்று கொள்வோம். ஷிப்ட் 9 மணி நேரம், அதாவது 540 நிமிடம். ஸ்கேன் செய்து தெரு வரிசையில் அடுக்க 40 நிமிடம், கிடங்கிலிருந்து முதல் தெருவுக்குப் போய், கடைசித் தெருவிலிருந்து திரும்ப 50, சாப்பாட்டுக்கு 30, மாலையில் வசூல் பணத்தை ஒப்படைக்க 30. இவை போக மிஞ்சுவது 390 நிமிடம்.

ஒரு வாசலிலிருந்து அடுத்ததற்குப் போக இரண்டரை நிமிடம். அங்கே செக்யூரிட்டி நோட்டில் எழுதி, லிஃப்டுக்குக் காத்திருந்து, ஓடிபி கேட்டு, சில்லறை கொடுத்துத் திரும்ப 4 நிமிடம். மொத்தம் ஆறரை. ஆக, ஒரு வண்டி நாளுக்கு 60 வாசல்தான் ஏறி இறங்க முடியும். ஆயிரத்துக்கு 17 வண்டி வேண்டும். பத்தில் ஒரு வீடு பூட்டியிருந்தால் அது மறுநாள் வேலையில் சேரும். அப்போது தினம் சுமார் 1,110 வாசல், 19 வண்டி.

இந்தக் கணக்கில் வாசல் நேரம்தான் உயிர்நாடி. வாசலுக்கு ஒரு நிமிடம் கூடினால் 22 வண்டி தேவைப்படும், ஒரு நிமிடம் குறைந்தால் 16 போதும். அதனால் ஊருக்கெல்லாம் ஒரே சராசரி வைக்கக் கூடாது. அடுக்குமாடிப் பகுதியில் வாசலில் நேரம் போகும், புறநகரில் சாலையில் போகும். ஏரியா ஏரியாவாக அளந்து, தனித்தனியே வகுக்க வேண்டும்.

பார்சல் எண்ணிக்கையிலும் சராசரி ஏமாற்றும். சராசரி நாளுக்கு வண்டி வைத்தால், கூடுதலாக வரும் நாளெல்லாம் பாக்கி விழும். சில வாரக் கணக்கை எடுத்து, பெரும்பாலான நாட்களைத் தாங்கும் அளவுக்குச் சொந்த வண்டி வைத்துக்கொண்டு, தீபாவளி நெரிசலுக்கு வாடகை வண்டி எடுப்பதே கட்டுப்படியாகும். ஆள் லீவு போடும் நாளுக்கு மாற்று ஓட்டுநரும் தேவை.

வண்டி போதவில்லை என்பதை 'வீடு பூட்டியிருந்தது' என்ற பதிவுகளே காட்டிக்கொடுக்கும். உண்மையில் பூட்டிய வீடுகள் நாள் முழுக்கப் பரவலாக வரும். ஷிப்டின் கடைசி அரை மணியில் மட்டும் அவை குவிந்தால், ஓட்டுநர் அந்தத் தெருக்களுக்குப் போகவே நேரமில்லை என்று பொருள். அவரைத் திட்டும் முன் அந்த ரூட்டின் வாசல் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.