கடைசி நாள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கல்லூரித் தமிழ்த்துறைகள் நடத்தும் கருத்தரங்கங்களின் அழைப்பு மடல்கள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையின் வரிசையிலேயே அமைகின்றன. முதலில் தாளாளர், செயலர், முதல்வர் பெயர்கள். பிறகு கல்லூரியின் வரலாறு, துறையின் வரலாறு, கருத்தரங்கின் நோக்கம். அதற்கும் கீழே துணைத்தலைப்புகள். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் இரண்டாம் பக்கத்தின் அடியில், வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும்.

மடலைக் கையில் எடுக்கும் ஆய்வு மாணவி தேடுவது வேறு. என் ஆய்வு இதில் சேருமா, நான் அனுப்பலாமா, எந்தத் தேதிக்குள், எப்படி அனுப்புவது? இந்த நான்குக்கும் விடை கிடைத்த பிறகுதான் கல்லூரியின் வரலாறு அவருக்குக் கண்ணில் படும். எனவே மடலைத் திருத்தி எழுதுகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, இந்த நான்கையும் அதே வரிசையில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது. பெரியோர் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் முழு மரியாதையோடு அச்சிடலாம்.

ஆனால் வரிகளை இடம் மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஒரு மாதிரி மடலை எடுத்துக்கொள்வோம். பொருள், சங்க இலக்கியத்தில் நீர். நாற்பது துணைத்தலைப்புகள்: எட்டுத்தொகையில் நீர், பத்துப்பாட்டில் நீர், புறநானூற்றில் நீர், மருதத்திணையில் நீர், நீர் மேலாண்மை, மன்னரும் நீரும் என்று நீண்டு 'முதலியன' என்று முடிகிறது. பட்டியல் நீளமாக இருந்தால் நிறையப் பேர் எழுதுவார்கள் என்பது ஒருங்கிணைப்பாளர்களின் நம்பிக்கை. ஆனால் இந்தப் பட்டியல் எதையும் உள்ளே விடுவதுமில்லை, வெளியே நிறுத்துவதுமில்லை. புறநானூற்றின் 18ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீரைத் தேக்கி வைக்கும்படி சொல்கிறார். அந்தப் பாடலைப் பற்றி எழுதுகிறவர் எந்தத் தலைப்பில் பதிவு செய்வார்? எட்டுத்தொகை, புறநானூறு, நீர் மேலாண்மை, மன்னர் என நான்குமே பொருந்துகின்றன. பிறகு அமர்வுகளைப் பிரிக்கும்போது ஒரே பாடலைப் பற்றிய மூன்று கட்டுரைகள் மூன்று அறைகளில் வாசிக்கப்படும்.

நூற்பெயரை வைத்துப் பிரிக்காமல் கேள்வியை வைத்துப் பிரித்தால் நாற்பது நான்காகச் சுருங்கும். குளம், ஏரி, பாசனம் பற்றிப் பாடல்கள் தரும் செய்திகள். திணைகளுக்கும் நீருக்கும் உள்ள உறவு. பரிபாடல் காட்டும் வையைப் புனலாட்டு போன்ற விழாக்களும் விளையாட்டும். பாடற் செய்திகளையும் கல்வெட்டு, அகழாய்வுச் சான்றுகளையும் ஒப்பிடுதல். இவற்றின் கீழே எல்லையைச் சொல்லும் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: 'காப்பியங்களையும் பக்தி இலக்கியத்தையும் சங்கப் பாடல்களோடு ஒப்பிட எடுத்தாளலாம், அவற்றை மட்டுமே ஆராயும் கட்டுரைகளை ஏற்க இயலாது.' சிலப்பதிகாரத்தில் ஆய்வு செய்கிறவர் இதைப் படித்த உடனேயே முடிவெடுத்துவிடுவார்.

தகுதிப் பகுதியில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். 'பேராசிரியர்கள், ஆய்வாளர்கள், மாணவர்கள் பங்கேற்கலாம்' என்ற வரி எல்லோரையும் அழைப்பது போலத் தோன்றும். முதுகலை மாணவர் தனியாகக் கட்டுரை வாசிக்கலாமா, பார்வையாளராக மட்டும் வரலாமா? இருவர் சேர்ந்து எழுதினால் இருவரும் கட்டணம் செலுத்த வேண்டுமா? சான்றிதழ் இருவருக்கும் உண்டா? கல்லூரிப் பணியில் இல்லாதவர் எந்தக் கட்டணப் பிரிவில் வருவார்? திருத்துகிறவர் இவற்றை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டால், பல நேரங்களில் 'அதை இன்னும் பேசவில்லை' என்ற பதில்தான் வரும். மங்கலான வரி எழுத்துக் குறையால் வந்ததல்ல. குழு முடிவெடுக்காத இடத்தை அது மூடி மறைத்திருக்கிறது. அதைத் திருத்துகிறவர் தன் ஊகத்தால் நிரப்பக்கூடாது. குழுவைக் கூட்டி முடிவு வாங்கிய பிறகே எழுத வேண்டும். பழைய மடலிலிருந்து அப்படியே நகலெடுத்த சொற்களும் இங்கே பிடிபடும். எம்.ஃபில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிகளில் நிறுத்திவிட்டது. ஆனாலும் 'எம்.ஃபில். மாணவர்களுக்கு' என்று தனிக் கட்டணம் குறிக்கும் மடல் இன்னும் அச்சாகிறது.

தேதிகளுக்கு வருவோம். மாதிரி மடலில் ஆய்வுச் சுருக்கத்துக்கான நாள் ஓரிடத்தில், கட்டணத்துக்கான நாள் வேறிடத்தில், முழுக் கட்டுரைக்கான நாள் மூன்றாம் இடத்தில் கிடக்கின்றன. சுருக்கம் ஏற்கப்பட்டதா என்று எப்போது தெரியும் என்பது எங்குமே இல்லை. அதனால் ஏற்பு தெரிவதற்கு முன்பே பணம் கட்டவேண்டிய நிலை வருகிறது. திருத்திய வடிவம் இப்படி இருக்கலாம்:

ஆய்வுச் சுருக்கம்: 2025 டிசம்பர் 15, திங்கள், இரவு 11.59 வரை
ஏற்பு அறிவிப்பு: 2026 ஜனவரி 5, திங்கள், மின்னஞ்சலில்
முழுக் கட்டுரையும் கட்டணமும் (ஏற்கப்பட்டவர்கள் மட்டும்): 2026 ஜனவரி 30, வெள்ளி, இரவு 11.59 வரை
கருத்தரங்கம்: 2026 பிப்ரவரி 20, வெள்ளி

கிழமையைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. தேதி தவறாக அச்சானால் கிழமை பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். முழுக் கட்டுரைக்கு ஜனவரி 16 என்று வைத்தால் பொங்கல் விடுமுறையில் நூலகம் மூடியிருக்கும் என்பதும் தேதிகளை இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போதுதான் உறைக்கும். சிங்கப்பூரிலிருந்து கட்டுரை எதிர்பார்த்தால் 'இந்திய நேரம்' என்று சேர்க்க வேண்டும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இந்தத் தேதிகள் மடலில் வேறெங்கும் திரும்ப வரக்கூடாது. இரண்டு இடங்களில் இருந்தால், நீட்டிக்கும்போது ஒன்று மாறும், மற்றது பழையபடியே இருக்கும்.

அனுப்பும் முறையில் தமிழுக்கே உரிய சிக்கல் எழுத்துரு. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த வேர்டு கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். தொகுப்பு நூல் தயாரிக்கிறவர் அவற்றை மாற்றிச் சரிபார்ப்பதில் நாட்கள் போகும். 'யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு மட்டும்' என்ற ஒரே வரி அதைத் தடுக்கும். பழைய எழுத்துருவில் வைத்திருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அடுத்த வரியில் சொல்லிவிட வேண்டும். நீளத்தைப் பக்கக் கணக்கில் கேட்பதும் சரிப்படாது. ஒரே 12 அளவில் ஓர் எழுத்துரு சிறியதாகவும் இன்னொன்று பெரியதாகவும் விழும் என்பதால் ஐந்து பக்கம் ஆளுக்கொரு நீளமாகிவிடும். 'சுருக்கம் 200 சொற்கள், கட்டுரை 2,000 சொற்களுக்குள்' என்றால் குழப்பமில்லை.

பிறகு செய்யவேண்டியவற்றை நடக்கும் வரிசையில் எழுதலாம்: படிவத்தை நிரப்புங்கள், அதிலேயே சுருக்கத்தை இணையுங்கள், இரண்டு நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வராவிட்டால் இந்த எண்ணில் கேளுங்கள். மடல் வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றும்போது அதிலிருக்கும் முகவரியை நகலெடுப்பது எளிதல்ல; கையால் தட்டச்சு செய்து ஓர் எழுத்து பிசகினால் கட்டுரை போய்ச்சேராது. படத்தோடு அதே விவரங்களை எழுத்தாகவும் அனுப்புவது நல்லது.

அச்சுக்குப் போகுமுன், வேறு துறை ஆய்வு மாணவர் ஒருவரிடம் மடலைக் கொடுத்து அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். மடல் வெளியான பிறகு ஒருங்கிணைப்பாளருக்கு வரும் தொலைபேசிக் கேள்விகளைக் குறித்துவைத்தால் அதைவிடத் துல்லியமான சோதனை கிடைக்கும். இணையவழியில் வாசிக்கலாமா என்று ஐந்து பேர் கேட்டால், அந்த விடை மடலில் இல்லை, அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

நாள் நீட்டிக்கப்பட்டால் பழைய படத்தில் தேதியை மட்டும் மாற்றிப் பரப்பாதீர்கள். இரண்டு படங்களும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கிவிடும். புதிய மடலின் மேல்வரியிலேயே, 'டிசம்பர் 12 அன்று திருத்தியது: சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் டிசம்பர் 22, திங்கள், மற்ற தேதிகளில் மாற்றமில்லை' என்று எழுதுங்கள். அதற்கு முன், ஜனவரி 5 அன்று முடிவைச் சொல்ல மதிப்பீட்டாளர்களுக்கு மீதமிருக்கும் இரண்டு வாரம் போதுமா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.