கடனில் மூழ்கிய கம்பெனிக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சேமிப்பு வங்கிகள் பல, கணக்கைச் சரியாகப் போட்டால் திவாலான நிலையில் இருந்தன. பழைய குறைந்த வட்டிக்கு 30 ஆண்டு வீட்டுக்கடன்களைக் கொடுத்துவிட்டு, டெபாசிட்டுக்கு அதைவிட அதிக வட்டி தரவேண்டிய நிலை. இப்படி முடங்கிய நிறுவனம் அடக்கி வாசிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவற்றில் பல, காலி மனைகளிலும் கட்டுமானங்களிலும் ஆபத்தான கடன் பத்திரங்களிலும் பணத்தைக் கொட்டின.

இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. நிதியியலில் இதற்குச் 'சொத்து மாற்றச் சிக்கல்' என்று பெயர். பாதுகாப்பான சொத்தை நம்பிக் கடன் வாங்கிவிட்டு, பிறகு அந்த இடத்தில் ஆபத்தான சொத்தை வைப்பது. மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1976-ல் எழுதிய கட்டுரை இதை விரிவாக ஆராய்ந்தது.

ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் கட்டவேண்டிய கடன் 100 கோடி ரூபாய். கையில் இருக்கும் பணத்தைப் போட இரண்டு திட்டங்கள். முதலாவது நிச்சயமாக 110 கோடி தரும்; கடன்காரருக்கு 100, பங்குதாரருக்கு 10. இரண்டாவதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு: ஒன்று 160 கோடி, இல்லையேல் 40 கோடி. சராசரி 100 கோடிதான். மொத்தத்தில் பார்த்தால் இது 10 கோடி மட்டமான திட்டம்.

ஆனால் பங்குதாரரின் பங்கைப் பாருங்கள். ஜெயித்தால் கடன் போக 60 கோடி. தோற்றால் சுழியம்; கம்பெனியின் கடனுக்காக அவர் சொந்த வீட்டை விற்கவேண்டியதில்லை. ஆகச் சராசரி 30 கோடி. கடன்காரருக்கோ 100 அல்லது 40, சராசரி 70. மட்டமான திட்டத்தைத் தேர்ந்ததில் பங்குதாரருக்கு 20 கோடி கூடியது, கடன்காரருக்கு 30 கோடி குறைந்தது. இடையில் 10 கோடி வீணானது.

இதை ஆப்ஷன் கண்ணாடியில் பார்த்தால் இன்னும் துலக்கமாகும். மனை வாங்க அட்வான்ஸ் கொடுத்தவர், விலை ஏறினால் பாக்கியைக் கட்டிக் கிரயம் செய்துகொள்வார்; விலை சரிந்தால் அட்வான்ஸோடு விட்டுவிடுவார். கடனுள்ள கம்பெனியின் பங்கும் அப்படித்தான். கம்பெனியின் சொத்துகளை 100 கோடி 'விலை' கொடுத்து மீட்டுக்கொள்ளும் உரிமை அது, கட்டாயம் அல்ல. சொத்து 100 கோடியைத் தாண்டினால் கடனைக் கட்டி மிச்சத்தை எடுப்பார்கள். தாண்டாவிட்டால் கடன்காரரிடம் விட்டுவிட்டு நடப்பார்கள். 1973-ல் பிளாக், ஷோல்ஸ், 1974-ல் மெர்ட்டன் ஆகியோரின் கட்டுரைகள் இந்தப் பார்வைக்கு அடித்தளமிட்டன. மற்றவை மாறாதபோது, சொத்து மதிப்பின் ஏற்ற இறக்கம் கூடக்கூட ஆப்ஷனின் மதிப்பும் கூடும். மேலே போனால் முழுதும் உரிமைக்காரருக்கு, கீழே எவ்வளவு விழுந்தாலும் அவருக்குச் சுழியத்துக்குக் கீழ் இல்லை என்பதே காரணம்.

அப்படியானால் கடன் வாங்கிய எல்லாருமே சூதாடுவார்களா? இல்லை. அதே கம்பெனியிடம் கூடுதலாக 200 கோடி சொந்தச் சொத்து இருப்பதாக வையுங்கள். பாதுகாப்பான திட்டத்தில் பங்குதாரருக்கு 210 கோடி. ஆபத்தானதில் 260 அல்லது 140, சராசரி 200. தோல்வியை இப்போது அவரே முழுதாகச் சுமப்பதால் நல்ல திட்டத்தையே தேர்வார். மனிதர் மாறவில்லை, கடனுக்கும் சொத்துக்கும் உள்ள இடைவெளிதான் மாறியது.

அமெரிக்கச் சேமிப்பு வங்கிகளில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது. கடன் கொடுத்தவர்கள் என்றால் அங்கே டெபாசிட்தாரர்கள். ஒரு லட்சம் டாலர் வரை அரசுக் காப்பீடு இருந்ததால் அவர்கள் கேள்வி கேட்கவில்லை. நஷ்டத்தைச் சுமக்கப்போவது காப்பீடு கொடுத்தவர். 1982-ல் வந்த சட்டம் முதலீட்டுக் கட்டுப்பாடுகளையும் தளர்த்தியது. 1984-ல் சார்லஸ் கீட்டிங்கின் நிறுவனம் கலிஃபோர்னியாவின் லிங்கன் சேவிங்ஸை வாங்கியது. வீட்டுக்கடன் ஓரங்கட்டப்பட்டு நிலம், ஹோட்டல், ஆபத்தான பத்திரங்கள் உள்ளே வந்தன. 1989-ல் அரசு அதைக் கையகப்படுத்தியபோது பொதுப்பணத்துக்கு வந்த சுமை 300 கோடி டாலருக்கும் மேல். அந்த விவகாரத்தில் மோசடிக் குற்றச்சாட்டுகளும் உண்டு. எல்லாவற்றையும் ஆப்ஷன் கணக்கில் அடக்க முடியாது. ஆனால் மோசடியே செய்யாதவருக்கும் அந்தத் திசையில் போகத் தூண்டுதல் இருந்தது என்பதுதான் கவலைக்குரியது.

காப்பீடு இல்லாத இடத்தில் கடன்காரர் விழிப்பாக இருப்பார். நம் கம்பெனி ஆபத்தான திட்டத்துக்குத்தான் போகும் என்று ஊகித்தால், வட்டியைக் கணக்கில் எடுக்காமலே, 100 கோடி வாக்குறுதிக்கு 70 கோடிதான் தருவார். நேர்மையாகப் பாதுகாப்பான திட்டத்தைச் செய்ய நினைக்கும் பங்குதாரரும் அந்த விலையைச் சுமக்க நேரும். அதனால்தான் பணத்தை இன்ன வேலைக்கு மட்டுமே செலவிடுவோம், இன்ன சொத்தை அடமானம் வைக்கிறோம், விற்கமாட்டோம் என்ற நிபந்தனைகளுக்குப் பங்குதாரர்களே முன்வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ஆலையும் எந்திரமும் உள்ள தொழிலில் இவற்றைக் கண்காணிப்பது எளிது. ஒரே நாளில் பத்திரங்களை விற்று வேறு வாங்கிவிடக்கூடிய நிதி நிறுவனத்தில் மிகக் கடினம்.