கையெழுத்திடாத சுவிட்சர்லாந்து

முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியோடு செய்துகொண்ட வெர்சாய் ஒப்பந்தத்தின் (1919) 435-ஆவது பிரிவு, போரில் கலந்துகொள்ளாத ஒரு நாட்டைப் பற்றியது. ஜெனீவாவைச் சுற்றிப் பிரான்ஸ் மண்ணில் இருந்த சுங்கமில்லாப் பகுதிகள் காலத்துக்குப் பொருந்தவில்லை. பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் பேசி முடிவெடுக்கட்டும் என்றது அது. அந்த ஒப்பந்தத்தில் சுவிட்சர்லாந்து கையெழுத்திடவே இல்லை.

ஜெனீவாவைக் கிட்டத்தட்ட முழுவதும் சூழ்ந்திருப்பது பிரான்ஸ். பக்கத்திலுள்ள ஜெக்ஸ் வட்டாரத்தை ஜூரா மலை மற்ற பிரான்ஸிலிருந்து பிரிப்பதால், அங்கு விளைவதற்கு ஜெனீவாதான் இயல்பான சந்தை. அதனால் 1815-இல், நெப்போலியனை வென்ற வல்லரசுகள் பிரான்ஸோடு செய்த பாரிஸ் ஒப்பந்தம், பிரான்ஸின் சுங்கச் சாவடிகளை மலைக்கு மேற்கே தள்ளி வைத்தது. சவோய் பக்கத்துக்கும் அதுபோன்ற ஏற்பாடு அடுத்த ஆண்டு வந்தது.

435-ஆவது பிரிவு இந்த ஏற்பாட்டை ஒழித்துவிட்டது என்று பிரான்ஸ் வாதிட்டது. இரு அரசுகளும் 1921-இல் புதிய ஒப்பந்தம் போட்டன. 1923 பிப்ரவரியில் சுவிஸ் மக்கள் வாக்களித்து அதை நிராகரித்தார்கள். நவம்பரில் பிரான்ஸ் தன் சுங்கச் சாவடிகளை நாட்டு எல்லைக்கே கொண்டுவந்துவிட்டது. வழக்கு ஹேக்கில் இருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது.

1932 ஜூன் 7-இல் தீர்ப்பு வந்தது. சுவிட்சர்லாந்து எந்த அளவுக்குச் சம்மதித்ததோ, அந்த அளவுக்கு மட்டுமே 435-ஆவது பிரிவு அதைக் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். சம்மதத்தின் அளவைத் தேடி அலையவும் வேண்டியிருக்கவில்லை. சுங்கமில்லாப் பகுதிகள் ஒழிவதை ஏற்கவில்லை என்று 1919 மே மாதம் சுவிஸ் அரசு எழுதிய குறிப்பு, வெர்சாய் ஒப்பந்தத்திலேயே இணைப்பாக அச்சாகியிருந்தது. எழுதி வைத்த மறுப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

உரிமை விஷயத்தில் நீதிமன்றம் நிதானம் காட்டியது. வல்லரசுகளோடு ஏற்பட்ட உடன்பாட்டின் வழியே சுவிட்சர்லாந்தும் ஜெக்ஸ் ஏற்பாட்டில் ஒரு தரப்பாகிவிட்டது என்பதே அதன் முதன்மைக் காரணம். ஆனாலும் ஒன்றைச் சேர்த்துச் சொன்னது: மூன்றாம் நாட்டுக்கு ஓர் ஒப்பந்தம் உண்மையான உரிமை தருவதில் தடையில்லை, அப்படித் தரும் எண்ணம் இருந்ததா என்பதை மட்டும் எளிதில் ஊகித்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தால் தற்செயலாக ஆதாயம் அடையும் நாடு, அதை உரிமையென்று கேட்க முடியாது.

1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் இந்த வேறுபாடு விதியாகவே இருக்கிறது. மூன்றாம் நாட்டின் மீது கடமை சுமத்த, அந்நாடு வெளிப்படையாக எழுத்தில் ஏற்க வேண்டும். உரிமை தருவதாக இருந்தால், அது மறுக்காதவரை சம்மதித்ததாகக் கொள்ளலாம். ஒப்பந்த விதி ஒன்று சர்வதேச வழக்காறாகவே நிலைபெற்றுவிட்டால் கையெழுத்திடாத நாட்டையும் அது கட்டும். ஆனால் அங்கே கட்டுவது வழக்காறுதான்.

பிரான்ஸ் 1934 ஜனவரி 1-க்குள் சுங்கச் சாவடிகளைப் பழைய இடத்துக்கே நகர்த்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சுங்கம் அல்லாத வரிகளை எல்லையில் வசூலிக்கும் உரிமை மட்டும் பிரான்ஸிடமே இருந்தது.