இடையில் உட்காரும் பர்லின்

தகரக் கொட்டகை போடும் சைட்டில் அடிக்கடி நடப்பது இது. ட்ரஸ்ஸின் மேல் பைப்பில், சாய்வுப் பைப்புகள் வந்து கூடும் இடங்களில்தான் பர்லின் உட்கார வேண்டும் என்று வரைபடம் சொல்லும். ஆனால் வாங்கி வந்த ஷீட்டின் நீளம் அதற்கு ஒத்துவராது. பர்லினைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஷீட்டை வெட்டாமல் போட்டுவிடலாம். அப்படித் தள்ளும்போது ஒன்றிரண்டு பர்லின்கள் இரண்டு கூடுமிடங்களுக்கு நடுவில், வெறும் பைப்பின் மேல் போய் உட்கார்ந்துவிடும். “ரெண்டு மீட்டர் பைப்புதானே சார், என்ன ஆயிடப் போவுது” என்பார் பட்டறைக்காரர்.

என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். மேல் பைப் வெளி விட்டம் 60.3 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 3.6 மில்லிமீட்டர், கடையில் ‘இரண்டு இஞ்ச் மீடியம்’ என்று கேட்டால் கிடைக்கும் சாதாரணப் பைப்தான். கூடுமிடத்துக்குக் கூடுமிடம் 2 மீட்டர். ட்ரஸ் மொத்தச் சுமையையும் தாங்கும்போது இந்தத் துண்டை இரு முனையிலிருந்தும் 5 டன் விசை நெருக்குகிறது என்று கொள்வோம். தள்ளி வைத்த பர்லின் ஷீட்டையும் மேலே ஏறி நிற்கும் ஆளையும் சுமந்து நடுவில் 150 கிலோவை இறக்குகிறது.

முதலில், பலரும் போடுகிற கணக்கு. நெருக்கும் விசையைத் தனியாக எடுத்துக்கொண்டால், 5 டன்னைப் பைப்பின் இரும்புப் பரப்பால் வகுக்க, சதுர சென்டிமீட்டருக்கு 780 கிலோ வருகிறது. நடுவில் இறங்கும் 150 கிலோ உண்டாக்கும் பெண்டிங் மொமென்ட் 75 கிலோகிராம்-மீட்டர். அதனால் பைப்பின் மேல் விளிம்பில் இன்னொரு 870 கிலோ. இரண்டையும் கூட்டினால் 1,650. 210 மெகாபாஸ்கல் வகைப் பைப் என்றால், அந்த இரும்பு நிரந்தரமாக நெளியத் தொடங்குவது சுமார் 2,140-இல். கைவசம் இடம் இருப்பது போலத்தான் தெரிகிறது.

தவறு அந்தக் கூட்டலில் இருக்கிறது. பக்கச் சுமை பைப்பை நடுவில் 4.7 மில்லிமீட்டர் தொய்ய வைக்கிறது. அதுவரை நேராகப் போய்க்கொண்டிருந்த 5 டன் விசைக்கு இப்போது 4.7 மில்லிமீட்டர் கைப்பிடி கிடைத்துவிட்டது. 5,000 கிலோவை அந்த விலகலால் பெருக்கினால் 24 கிலோகிராம்-மீட்டர் புதிய மொமென்ட். அது பைப்பை மேலும் 1.8 மில்லிமீட்டர் வளைக்கிறது. அந்த 1.8-ஐயும் 5 டன் விடாது. அதிலிருந்து இன்னொரு 0.7, அதிலிருந்து 0.27 என்று வட்டிக்கு வட்டி ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடச் சிறியது என்பதால் ஓரிடத்தில் நின்றுவிடும். நிற்கும்போது தொய்வு 7.7 மில்லிமீட்டர். மொமென்ட் 75-இலிருந்து 113 ஆகியிருக்கும். மொத்த அழுத்தம் இப்போது 2,100. கைவசம் இருப்பதாக நினைத்த இடம் போய், பைப் விளிம்பில் நிற்கிறது.

இந்த வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு பின்னம். பக்கச் சுமையே இல்லாமல், நெருக்கும் விசையால் மட்டுமே பைப் பக்கவாட்டில் பிதுங்கிப்போகும் ஓர் எல்லை உண்டு. 1744-இல் ஆய்லர் வெளியிட்ட கணக்கு அது. நம் பைப்புக்கு, 2 மீட்டர் நீளத்தில், அந்த எல்லை ஏறக்குறைய 13 டன். இப்போது இருப்பது 5 டன். 5-ஐ 13-ஆல் வகுத்தால் 0.385. ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய தொய்வில் இத்தனை பங்கு கூடுகிறது. மொத்தத் தொய்வு வேண்டுமானால், முதல் தொய்வை (1 – 0.385) ஆல் வகுத்தால் போதும். நெருக்கும் விசை 10 டன் ஆனால் இதே வழியில் தொய்வு நாலு மடங்குக்கும் மேல் போகும். 13-ஐ எட்டினால் வகுக்க ஒன்றும் மிஞ்சாது.

‘குட்டை’ என்ற பேச்சும் இங்கேதான் உடைகிறது. 12 மீட்டர் ட்ரஸ்ஸில் 2 மீட்டர் துண்டு கண்ணுக்குக் குட்டையாகத்தான் தெரியும். பைப்பின் பருமனோடு ஒப்பிட்டால் அது மெலிந்த துண்டு. அதே பைப் 1 மீட்டராக இருந்தால் எல்லை நான்கு மடங்காகி 52 டன்னுக்குப் போகும். கூடுதல் தொய்வு பத்து சதவீதம் அளவில் நின்றுவிடும்.

அதே ட்ரஸ்ஸின் கீழ்ப் பைப்பைப் பாருங்கள். அங்கே 5 டன் நெருக்கவில்லை, இழுக்கிறது. அதன் நடுவில் அதே 150 கிலோவைத் தொங்கவிட்டால், இழுவிசை வளைந்ததை நேராக்கப் பார்க்கும், தொய்வு 3.4 மில்லிமீட்டராகக் குறையும், மொமென்ட்டும் 58-க்கு இறங்கும். மேலே 113, கீழே 58. இதே சிக்கல் முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானங்களிலும் இருந்தது. மேல் இறக்கையின் நீளச் சட்டத்தைக் காற்று மேல்நோக்கி வளைக்க, இழுகம்பிகள் அதை உள்நோக்கி நெருக்கின. இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டிய கட்டாயம் பொறியாளர்களுக்கு அங்கே வந்தது.

இதில் எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுவது வேறொன்று. ட்ரஸ்ஸில் எல்லாச் சுமையும் 60 சதவீதம்தான் வந்திருக்கும் ஒரு நாளில், அதாவது 3 டன்னும் 90 கிலோவும் இருக்கும்போது, அழுத்தம் 1,120 மட்டுமே. எல்லையில் பாதிதான் என்று பார்ப்பவர் நினைப்பார். சுமை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும்வரை, அதாவது 5.7 டன் வரை தாங்கும் என்று முடிவு கட்டுவார். உண்மையில் 5.1-க்குள்ளேயே எல்லை வந்துவிடும். சுமை ஏறும் வேகத்தைவிட அழுத்தம் ஏறும் வேகம் அதிகம். ஆகவே பாதுகாப்புக்கான பெருக்கத்தை முதலில் சுமைக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும்.

இவ்வளவும் நூல் பிடித்தாற்போல் நேரான பைப்புக்கு. லாரியில் ஏற்றி இறக்கியதில் 4 மில்லிமீட்டர் வளைந்திருந்தால் அதற்கும் அதே வட்டி உண்டு: 4 என்பது 6.5 ஆகும், அழுத்தம் 2,480-க்குப் போகும், எல்லை தாண்டிவிடும். மறுபக்கம், மேல் பைப் கூடுமிடங்களில் துண்டாகாமல் தொடர்ந்து போவதால் அக்கம்பக்கத்துத் துண்டுகள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் நிஜத்தில் நிலைமை இந்தக் கணக்கைவிடச் சற்று மேலாக இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால், பர்லின் இடையில் உட்கார்ந்திருக்கும் துண்டின் அடிப்பக்கமாகக் கூடுமிடத்துக்குக் கூடுமிடம் நூல் கட்டி, நடுவில் இடைவெளியை அளந்து பாருங்கள். மேலே ஆள் நிற்கும்போது ஒரு அளவு, இறங்கிய பின் ஒரு அளவு. இறங்கிய பிறகும் தொய்வு அப்படியே இருந்தால், பைப் வரும்போதே வளைந்திருக்க வேண்டும், அல்லது இங்கே நெளிந்திருக்க வேண்டும். பர்லின் உட்காரும் இடத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தால் இரண்டாவதுதான் என்று சந்தேகிக்கலாம்.

சரிசெய்ய, பர்லினுக்கு நேர் கீழே ஒரு சிறு முட்டுப் பைப் போதும். பக்கச் சுமை அதன் வழியாக இறங்கிவிடும். 2 மீட்டர் துண்டும் இரண்டு 1 மீட்டர் துண்டுகளாகிவிடும். ஆனால் முட்டின் கீழ் முனை இன்னொரு கூடுமிடத்தில் போய்ச் சேர வேண்டும். நெருக்கத்தில் இருக்கும் ஒரு சாய்வுப் பைப்பின் நடுவில் வைத்து வெல்டு அடித்தால், மேலே இருந்த நோய் அங்கே இடம் மாறும், அவ்வளவே. வெல்டு அடிக்கும் முன் ட்ரஸ்ஸுக்கு அடியில் தற்காலிகத் தாங்கு கொடுத்து, ஆட்களை மேலிருந்து இறக்கிவிட வேண்டும். சூட்டில் இளகும் இரும்பு, 5 டன் நெருக்கிக்கொண்டிருக்கும்போது இளகக் கூடாது.